வார்டு வேட்பாளரின் தெருமுனைப் பேச்சு: வரைவைப் படிச்சுட்டு சொல்லுங்க, எது நிக்கும், எது நிக்காது?

தறிமணி

வணக்கம். வர்ற நகராட்சித் தேர்தல்ல எங்க மதினி சுயேச்சையா நிக்கிறாங்க. பெண்கள் வார்டு. மகளிர் குழுவுல கணக்கு எழுதுறவங்க, தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். ஆனா மைக் பிடிச்சுப் பேசினதில்ல. பேச்சு எழுதுற வேலை என் தலையில விழுந்திருக்கு. தெருமுனையில நின்னு பேசணும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. நான் எழுதினது இது:

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! நான் வெற்றி பெற்றால் நமது வார்டில் தினசரி குடிநீர் வழங்கப்படும். அனைத்துத் தெருக்களிலும் நூறு நாட்களில் புதிய வாறுகாலும் சிமெண்ட் சாலையும் அமைக்கப்படும். தெருநாய்கள் முற்றிலும் அகற்றப்படும். வீட்டு வரி குறைக்கப்படும். இருளே இல்லாத வார்டாக மாற்றிக் காட்டுவேன்."

மதினி படிச்சுப் பார்த்துட்டு, "இதை நானே நம்பலையே, மத்தவங்க எப்படி நம்புவாங்க?"ன்னு கேட்டாங்க. பதில் தெரியல. உள்ளாட்சி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நக்கல்நாதன்

தினசரி குடிநீர் எல்லாம் எதுக்கு? கவர் எவ்வளவுன்னு சொல்லிட்டா பேச்சே தேவையில்ல. அஞ்சு நிமிஷம் மிச்சம்.

பழைய உறுப்பினர்

நாதன் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பணம் கொடுக்க முடியாத சுயேச்சை கேட்பவர் மனதில் நிற்க ஒரே வழி, சொல்வது நடக்கக்கூடியது என்று தோன்ற வைப்பதுதான். நான் 2011 முதல் 2016 வரை ஒரு நகராட்சியில் உறுப்பினராக இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் வரைவில் எல்லாம் "வழங்கப்படும்", "அமைக்கப்படும்" என்று முடிகிறது. யார் வழங்குவார்கள்? வார்டு உறுப்பினர் கையில் கஜானாச் சாவியும் இல்லை, ஊழியருக்கு உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. நிர்வாகம் ஆணையரிடம், வேலை பொறியாளரிடம், பணம் மன்றத்தின் தீர்மானத்தில். உறுப்பினர் செய்யக்கூடியது மூன்றே. மன்றத்தில் கேள்வி கேட்கலாம், தீர்மானத்துக்குப் பொருள் கொடுக்கலாம், தினமும் அலுவலகத்தில் போய் நிற்கலாம். மூன்றாவதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆனால் வேலை நடப்பது பெரும்பாலும் அதனால்தான்.

ஆகவே ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதில் மதினி செய்யப்போவது என்ன என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரி போக வேண்டும்.

செல்வராணி

உறுப்பினர் சார் ரொம்பக் குறைச்சு சொல்றார். கவுன்சிலருக்குன்னு வருஷத்துக்கு தனி நிதி உண்டு. அதை வச்சு ரோடு போடலாம், வாறுகால் கட்டலாம். அப்புறம் வீட்டு வரி. கவுன்சில்ல தீர்மானம் போட்டா குறைச்சிடலாம். 2022ல ஏத்தினதே கவுன்சில் தீர்மானம் போட்டுத்தானே? அந்த வரியை எடுக்காதீங்க தம்பி, எல்லார் வீட்டிலயும் எரிச்சல் அதுலதான் இருக்கு.

பழைய உறுப்பினர்

பாதி சரி அம்மா. உறுப்பினருக்கென்று மேம்பாட்டு நிதி சென்னை மாநகராட்சியில் உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி நிதி உண்டு. நம் மாதிரி நகராட்சியில் உறுப்பினர் பெயரில் அப்படி ஒரு பை கிடையாது. பொது நிதியில் எந்த வார்டு முதலில் என்ற இழுபறிதான். சுயேச்சைக்கு அந்த இழுபறியில் குரல் சற்றுக் குறைவு. அதையும் மறைக்க வேண்டாம்.

வரி விஷயத்தில் தீர்மானம் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 2022 ஏப்ரல் உயர்வின் அளவை முடிவு செய்தது மாநில அரசு. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அடுக்கடுக்காக வந்தது. மன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. ஒரு வார்டு உறுப்பினர் "குறைப்பேன்" என்றால், வரி ரசீதைக் கையில் வைத்திருக்கிற யாரும் சிரிப்பார்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அளவு தப்பாகப் போட்ட வீடுகள் எல்லா வார்டிலும் உண்டு. 580 சதுர அடி வீட்டை 640 என்று எழுதியிருந்தால், அடுத்த அடுக்குக்கே தள்ளிவிடுவார்கள். அந்த வீட்டுக்காரரோடு போய், மறு அளவீட்டுக்கு மனுக் கொடுத்து, ஆள் வந்து அளக்கும்வரை விடாமல் இருப்பது மதினியால் முடியும். "வரியைக் குறைப்பேன்" என்பதற்குப் பதில், "அளவு தப்பா இருந்தா ரசீதை எடுத்துட்டு வாங்க, நானும் கூட வர்றேன்" என்று சொல்லட்டும்.

கோமதி_78

சார், இதையே நானும் கேக்கணும்னு இருந்தேன். எங்க வீட்டுக்கு மாமனார் பேர்லதான் வரி ரசீது வருது. அவர் தவறி நாளாச்சு. பேர் மாத்த எந்த ஆபீஸ்ல கேக்கணும்? கவுன்சிலர் கையெழுத்து வேணும்னு புரோக்கர் சொல்றார்.

பழைய உறுப்பினர்

அம்மா, இது வேறு விஷயம். நகராட்சி வருவாய்ப் பிரிவில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகலோடு நேராக விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் கேட்பார்கள். புரோக்கரை விடுங்கள். தனி இழை தொடங்குங்கள், விவரமாகப் பேசலாம்.

தறிமணி

வரி வரியை எடுத்தாச்சு. இனி முக்கியமானது வாறுகால். எங்க வார்டுல எல்லாரும் கேக்கறதே அதுதான். வடக்குத் தெருவுல ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் முழங்கால் தண்ணி நிக்கும். ஏற்கெனவே வாறுகால் இருக்கு, ஆனா ஓடாது. புதுசா கட்டுறோம்னு சொல்றதுல என்ன தப்பு?

ஓவர்சியர்

நான் நகராட்சியில பணி மேற்பார்வையில இருந்து ஓய்வு பெற்றவன். தப்பு என்னன்னா, புதுசா கட்டினாலும் அது ஓடாது. முதல்ல ஏன் நிக்குதுன்னு பாருங்க.

அடுத்த மழை விட்டதும் தெரு முழுக்க நடந்து பாருங்க. தண்ணி நடுத்தெருவுல மட்டும் நின்னு, கடைசியில வாறுகால் காலியா இருந்தா, நடுவுல அடைப்பு, இல்லைன்னா கட்டும்போதே இறக்கம் போயிடுச்சு. தெருக் கடைசியில இருந்து பின்னோக்கி நிறைஞ்சுக்கிட்டே வந்தா, வெளியேற வழி அடைஞ்சிருக்கு. ரெண்டும் வேற வேற நோய். ரெண்டாவது நோய்க்குப் புது வாறுகால் கட்டினா, புது வாறுகாலும் நிறைஞ்சு நிக்கும். நூறடிக்கு ஆறு அங்குல இறக்கம் இருந்தா மண் தங்காம ஓரளவு ஓடும். கொத்தனார் வச்சிருக்கிற மட்டக் குழாய்ல தண்ணி ஊத்தி ரெண்டு முனையிலயும் பிடிச்சா அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும்.

போய்ப் பார்த்துட்டு எழுதுங்க. பார்க்காம பேச்சு எழுதாதீங்க.

தறிமணி

மழைக்குக் காத்திருக்கல. மதினியும் நானும் கொத்தனார் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம். தெருவோட இறக்கம் சரியாத்தான் இருக்கு. கடைசியில வாறுகால் மெயின் ரோட்டைத் தொடுற இடத்துல ரோட்டுக்கு அடியில போற குழாய்ப் பாலம் முக்கால்வாசி மண். எதிர்ப்பக்கம் ஓடைக்குப் போகணும், அங்க வாயே தெரியல, கோரைதான் நிக்குது. தெருவுக்குள்ள நாலு வீட்டுக்காரங்க வண்டி ஏத்த வாறுகால் மேல கான்கிரீட் போட்டு மூடியிருக்காங்க, பத்து பன்னிரண்டு அடிக்கு மேல. உள்ள ஆள் கை விட வழியில்ல. அந்த நாலு வீட்டுல ஒண்ணு எங்க பெரியப்பா வீடு.

நக்கல்நாதன்

வாழ்க பெரியப்பா. பேச்சு இப்பத்தான் களை கட்டுது.

ஓவர்சியர்

நல்ல வேலை. இப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. அந்த மெயின் ரோடு யாருது? மாநில நெடுஞ்சாலைன்னா அந்தக் குழாய்ப் பாலம் நகராட்சிது இல்ல, நெடுஞ்சாலைத் துறையோடது. நகராட்சி ஆள் அதைத் தொட மாட்டான். அவங்க கேட்டா "ஊர்த் தண்ணி, நகராட்சி பார்க்கணும்"னு சொல்வாங்க. ரெண்டு துறைக்கும் நடுவுல பல வருஷம் அடைஞ்சு கிடக்கிற பாலம் எத்தனையோ பார்த்திருக்கேன். அதைத் திறக்கணும்னா ஆணையர்கிட்ட இருந்து நெடுஞ்சாலை உதவிக் கோட்டப் பொறியாளருக்குக் கடிதம் போகணும். போன கடிதத்தோட நகலை வாங்கி, அங்க போய் உக்காரணும். அதை ஒரு வார்டு உறுப்பினர் செய்யலாம். செலவும் பெருசா வராது, அலைச்சல்தான்.

இப்ப காலக் கணக்கு பாருங்க. 2022ல பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 பதவியேற்பு, 4ம் தேதி தலைவர் தேர்தல். இந்தத் தடவையும் அதே காலத்துல வந்தா, மதினி உள்ள போய் உக்காரும்போது அந்த வருஷ பட்ஜெட் எழுதி முடிஞ்சிருக்கும். புது வாறுகாலுக்குப் பொறியாளர் அளந்து மதிப்பீடு போடணும், மன்றத்துல தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். டெண்டருக்கு மட்டும் சின்ன வேலைன்னாலும் பதினைஞ்சு நாள் அவகாசம் கொடுத்தாகணும், சட்டம். எல்லாம் தடங்கலில்லாமப் போனாலும் வேலை உத்தரவு கைக்கு வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்து நிக்கும். ஒப்பந்ததாரர் ஈர மண்ணுல தோண்ட மாட்டார். ஆக, நூறு நாள்ங்கிறது காகிதத்துலயே முடியாத கணக்கு.

முதல் மழைக்கு முன்னாடி முடியறது தூர் வாருறது மட்டும்தான். அதைச் சொல்லுங்க. அதுலயும் ஒரு சங்கதி இருக்கு. வாறுகாலை அள்ளி ஓரத்துல குவிச்சு வைப்பாங்க. ஈரம் வடியட்டும்னு ஒரு நாள் ரெண்டு நாள் விடுறது சரிதான். ஆனா பல இடத்துல அதை எடுக்கவே மாட்டாங்க, அடுத்த மழையில அதே மண் அதே வாறுகாலுக்குள்ள போய்ச் சேரும். தெருக்காரங்களுக்கு இதுல இருக்கிற கோபம் வாறுகால் இல்லாததுல கூட இல்ல. "அள்ளின மண்ணை மூணாம் நாள் நம்ம தெருவுல விட மாட்டேன்"னு ஒரு வரி சொல்லிப் பாருங்க. அவங்களே போய்ப் பார்த்துச் சரியா தப்பான்னு சொல்லக்கூடிய வாக்குறுதி அது.

செல்வராணி

ஓவர்சியர் அண்ணா சொல்றது எல்லாம் சரி. ஆனா "தூர் வாருவேன்"னு மட்டும் சொன்னா எதிர்ல நிக்கிறவர் "பாதாள சாக்கடை கொண்டு வருவேன்"னு சொல்வார். ஜனம் எதுக்குக் கை தட்டும்?

மைக்செட் சுந்தர்

அக்கா, கை தட்டுறது கூட வந்த ஆளுங்க. ஓட்டுப் போடுறவங்க கதவுக்கு உள்ள நின்னு கேக்குறாங்க. நான் இருபது வருஷத்துக்கு மேல எல்லாக் கட்சிக்கும் செட் கட்டிட்டு இருக்கேன். ஆட்டோவுல குழாய் கட்டிப் போறப்ப யார் முகமும் பார்க்க முடியும். பாதாள சாக்கடைன்னு சொன்னா ஒருத்தரும் நிமிர மாட்டாங்க. "தண்ணி எப்ப வரும்னு முந்தின நாளே சொல்லுவேன்"னு ஒரு அம்மா ஒரு தடவை பேசினாங்க. மாவு ஆட்டிட்டு இருந்த பொம்பளை கிரைண்டரை நிறுத்திட்டு வெளிய வந்து கேட்டாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு தறிமணி. காலையில தண்ணி வர்ற நாள்ல பேசப் போகாதீங்க, யாரும் வர மாட்டாங்க, எரிச்சல்தான் வரும். சாயங்காலம் ஆறரைக்கு மேல. பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தியாகணும். போலீஸ் அனுமதிக் காகிதத்தை ஆட்டோவுலயே வைங்க, வீட்டுல வச்சுட்டு வந்து தடுமாறாதீங்க. அப்புறம் "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" வேண்டாம். அந்தத் தெருவோட பேரைச் சொல்லி ஆரம்பிக்கச் சொல்லுங்க.

தறிமணி

குடிநீருக்கு என்ன சொல்றது? எங்களுக்கு ஏழு நாளுக்கு ஒரு தடவை, சில சமயம் பத்து. தினசரி கேக்காத ஆளே இல்ல.

பழைய உறுப்பினர்

தினசரி என்பது உங்கள் வார்டில் முடிவாவதில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு எவ்வளவு வருகிறது என்பது குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். வந்த தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் ஏறி எந்த வால்வு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதுதான் நகராட்சியின் கையில். மதினி பேச வேண்டியது அந்த வால்வைப் பற்றி.

ஒரே வால்வில் முன் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் நன்றாக வரும், கடைசித் தெருவில் பத்துக் குடம்கூட ஏறாது. திறப்பவர் எப்போது திறப்பார் என்பது அவருக்கே தெரிந்த ரகசியமாக இருக்கும். நாளையும் நேரத்தையும் ஒரு அட்டவணையாக்கி ரேஷன் கடைச் சுவரிலும் தெருமுனையிலும் எழுதி வைப்பதும், மாறினால் முந்தின நாள் தகவல் தருவதும் நடக்கக்கூடியது. என் வார்டில் அதைச் செய்ய மூன்று மாதம் சண்டை போட்டேன். செய்த பிறகு தண்ணீர் ஒரு சொட்டு கூடவில்லை, ஆனால் புகார் பாதியாகக் குறைந்தது.

ஓவர்சியர்

உறுப்பினர் ஐயா ஒண்ணை விட்டுட்டார், தெரிஞ்சேதான் விட்டிருப்பார். கடைசித் தெருவுக்குத் தண்ணி ஏறாததுக்கு முக்கியக் காரணம் முன் தெருவுல குழாயில மோட்டார் வச்சு உறிஞ்சுறது. அதை நிறுத்தாம எந்த அட்டவணையும் கடைசித் தெருவுக்கு உதவாது.

பழைய உறுப்பினர்

தெரிந்தேதான் விட்டேன். மோட்டாரைப் பிடுங்குவேன் என்று பேசிய வேட்பாளர் முன் தெருவில் டெபாசிட்டே வாங்க மாட்டார். முன் தெருவில் வீடுகள் அதிகம்.

ஓவர்சியர்

அப்ப கடைசித் தெருவுல என்ன பேசுறது?

நக்கல்நாதன்

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பேச்சு. பெரிய கட்சிகளே அப்படித்தான்.

செல்வராணி

அப்படிப் பேசினா மறுநாளே மாட்டிக்குவாங்க. இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு, ஒரு தெருவுல பேசினது அடுத்த தெரு வாட்ஸ்அப் குழுவுல வந்துடும். என்னைக் கேட்டா, மோட்டாரைப் பிடுங்குவேன்னு சொல்ல வேண்டாம், கடைசித் தெரு வால்வைத் தனியாப் பிரிச்சு முதல்ல திறக்க வைக்கிறேன்னு சொல்லலாம். அது முடியுமா அண்ணா?

ஓவர்சியர்

குழாய் அமைப்பைப் பொறுத்தது. கிளைக் குழாய் பிரியுற இடத்துல வால்வு போட இடம் இருந்தா முடியும், பெரிய செலவு இல்ல. ஒரே நீள வரிசையா ஓடினா முடியாது. பிட்டர்கிட்ட கேட்டாத் தெரியும். கேக்காமச் சொல்லாதீங்க.

கோமதி_78

நாய் பத்தி யாருமே சொல்லலையே? எங்க தெருவுல குழந்தைங்களை வெளிய விட முடியல. முற்றிலும் அகற்றப்படும்கிறது நல்ல வரிதானே?

பழைய உறுப்பினர்

நல்ல வரிதான், நடக்காத வரி. விலங்குகள் கருத்தடை விதிகள் 2023ன்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பிடித்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே விட்டாலும் வேறு ஊர் நாய்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். கருத்தடை மையம் எல்லா நகராட்சியிலும் இல்லை. இல்லாத ஊரில், "எத்தனை நாய்க்கு ஊசி போட்டீர்கள்" என்று மன்றத்தில் மாதாமாதம் கேட்பதுதான் ஒரு உறுப்பினரால் முடிந்தது. கேட்பவருக்கு அது திருப்தி தராது. அஞ்சு நிமிடப் பேச்சில் இதை விளக்க இடமில்லை என்பதால், நானாக இருந்தால் நாயை விட்டுவிடுவேன். யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்வேன்.

கோமதி_78

கேட்டா மட்டும்னா எப்படி சார்? நான் கேக்கத்தான் போறேன்.

தறிமணி

விளக்கு ஒண்ணு பாக்கி. அதையும் முடிச்சுட்டு பேச்சைத் திருத்தி எழுதிடுறேன்.

ஓவர்சியர்

விளக்குல ஒரே விஷயம். கம்பம் மின்வாரியத்தோடது, அதுல தொங்குற விளக்கு நகராட்சியோடது. விளக்கு எரியலைன்னா நகராட்சி. விளக்கே இல்லாத இடத்துல புதுக் கம்பம் வேணும்னா மின்வாரியத்துக்குப் பணம் கட்டணும், நாள் இழுக்கும். ஜனங்க ரெண்டையும் சேர்த்து "இருட்டா இருக்கு"ன்னு சொல்வாங்க. மதினி ஒரு ராத்திரி வார்டை நடந்து, எரியாத கம்பத்தோட நம்பரை எல்லாம் எழுதட்டும். அந்த நம்பர்களைப் பேச்சுலயே படிக்கட்டும். அதுக்கு மேல விளக்கு பத்தி எதுவும் சொல்ல வேண்டாம்.

தறிமணி

ரெண்டு நாள் ஆச்சு. மதினி கம்பம் கம்பமா நடந்துட்டு வந்தாங்க, பிட்டர் அண்ணன்கிட்டயும் பேசிட்டாங்க. நான் எழுதினதை அவங்க வாய்க்கு ஏத்த மாதிரி அவங்களே மாத்தினாங்க. வடக்குத் தெரு முனையில பேசப்போறது இதுதான்:

"வடக்குத் தெரு அக்காமாரே, அண்ணன்மாரே, வணக்கம். என்னை எல்லாருக்கும் தெரியும். நான் எந்தக் கட்சியும் இல்ல. ரொம்ப நேரம் பேச மாட்டேன், அடுப்புல வச்சதைப் பார்த்துக்கிட்டே கேளுங்க.

இந்தத் தெருவுல மழை பேஞ்சா தண்ணி நிக்குது. புது வாறுகால் கட்டித் தர்றேன்னு நிறையப் பேர் சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து மட்டம் பிடிச்சுப் பார்த்தேன். நம்ம வாறுகால் சரியாத்தான் இருக்கு. மெயின் ரோட்டுக்கு அடியில போற பாலம் அடைஞ்சு கிடக்கு. அது நகராட்சிப் பாலம் இல்ல, நெடுஞ்சாலைக்காரங்களோடது. நான் ஜெயிச்சா முதல் கூட்டத்துலயே அதுக்குக் கடிதம் எழுத வைப்பேன். அந்தக் கடிதத்தோட நகலை இதே முனையில ஒட்டுவேன். அது எந்த ஆபீஸ்ல தூங்குதுன்னு மாசம் ஒரு தடவை உங்ககிட்ட வந்து சொல்லுவேன். எப்ப திறப்பாங்கன்னு தேதி சொல்ல மாட்டேன், அது என் கையில இல்ல.

என் கையில இருக்கிறதைச் சொல்றேன். புரட்டாசிக்கு முன்னாடி வாறுகாலைத் தூர் வார வைப்பேன். அள்ளின மண்ணை மூணாம் நாள் தெருவுல விட மாட்டேன். விட்டா என் வீட்டு வாசல்ல கொண்டு வந்து கொட்டுங்க. வாறுகாலை மூடிக் கான்கிரீட் போட்டிருக்கிற வீடுங்க நாலு. அதுல ஒண்ணு எங்க பெரியப்பா வீடு. எங்க வீட்டு மூடியைத்தான் முதல்ல எடுப்போம், எடுத்துட்டு தூக்கி வைக்கிற பலகை போட்டுக்குவோம். அப்புறம்தான் மத்த மூணு வீட்டுலயும் வந்து கேப்பேன்.

தண்ணி தினமும் வரும்னு சொல்ல மாட்டேன். ஊருக்கு வர்றதே அளவாத்தான் வருது. ஆனா எந்த நாள், எத்தனை மணிக்குன்னு ரேஷன் கடைச் சுவர்ல எழுதி வைப்பேன். மாறினா முந்தின நாள் ராத்திரியே சொல்லி விடுவேன்.

எரியாத விளக்கு நம்ம வார்டுல ஒன்பது. இந்தத் தெருவுல ரெண்டு. கோயில் பக்கத்துக் கம்பம், வளைவுல இருக்கிற கம்பம். நம்பர் எழுதி வச்சிருக்கேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் நாளைக்கே மனுக் கொடுக்கப் போறேன்.

வீட்டு வரியை நான் குறைக்க முடியாது, யாராலும் இங்க நின்னுக்கிட்டுக் குறைக்க முடியாது. அளவு தப்பா இருக்குன்னு நினைக்கிறவங்க ரசீதோட வாங்க, மனு எழுதி நானும் கூட வர்றேன். வேற எதுவும் கேக்கணுமா? இங்கயே நிக்கிறேன், கேளுங்க."

மைக்செட் சுந்தர்

நாலு நிமிஷம்தான் வரும். "கேளுங்க"ன்னு சொன்ன இடத்துல மைக்கை அணைக்கச் சொல்லுங்க, மைக் இருந்தா பொம்பளைங்க கேக்க மாட்டாங்க. பெரியப்பா சம்மதிச்சுட்டாரா?

தறிமணி

பெரியம்மா சம்மதிச்சுட்டாங்க. பெரியப்பா வண்டியை எங்க நிறுத்துறதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கார்.

செல்வராணி

பெரியப்பா விஷயத்தை எடுத்துடுங்க தம்பி. அவர் கடைசி நேரத்துல மாட்டேன்னா மொத்தப் பேச்சும் போச்சு. அதோட "முடியாது, முடியாது"ன்னு மூணு இடத்துல வருது. ஓட்டுக் கேக்க வந்துட்டு முடியாதுன்னு சொல்றவங்களை நான் பார்த்ததில்ல.

பழைய உறுப்பினர்

எனக்கு நேர் எதிர் கருத்து. பெரியப்பா வரிதான் இந்தப் பேச்சின் ஆணிவேர். மற்றவர் வீட்டு மூடியை எடுக்கச் சொல்லும் தகுதி அதனால்தான் வருகிறது. ஆனால் பேசுவதற்கு முன்பே மூடியை எடுத்துவிட வேண்டும். "எடுப்போம்" என்பது "எடுத்தாச்சு" என்று மாற வேண்டும். முடியாது என்பதில் ஒன்றைக் குறைக்கலாம். வரியைப் பற்றி "யாராலும்" என்பதை எடுங்கள், எதிராளியை வம்புக்கு இழுப்பது போல் இருக்கிறது.

ஓவர்சியர்

முன் தெரு மோட்டார் பத்தி ஒரு வார்த்தையும் வரல. கடைசித் தெருவுல ஒரு பொம்பளை எழுந்து கேட்டா மதினி என்ன சொல்லப் போறாங்க?

தறிமணி

பிட்டர் அண்ணன் கிளை பிரியுற இடத்துல வால்வு போடலாம்னுதான் சொல்றார், ஆனா உதவிப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லணுமாம். அது வரைக்கும் அதைப் பேச்சுல சேர்க்க மாட்டேன்னு மதினி சொல்லிட்டாங்க. மோட்டார் பத்தி யாராவது கேட்டா, "ஆமா, முன் தெருவுல உறிஞ்சுறாங்க, எனக்கும் தெரியும்"னு சொல்லப் போறாங்களாம். அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு வீட்டுல இன்னும் பேச்சு முடியல. அண்ணன் சொல்லாதேங்கிறார், பெரியம்மா சொல்லுங்கிறாங்க. முதல் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

கோமதி_78

வெள்ளிக்கிழமை எந்தத் தெரு? நாய் பத்திக் கேக்கணும்.